கலைச்சொல் விவாதம்: ஸ்பிரிண்ட் முடிவில் எழுதும் சுருக்கத்துக்குப் பெயர் சுணக்கமா, தேக்கமா?

இரா. வே., லாஸ்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். பணிப்பலகை மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும் வேலையில் ஒரு சொல் அகப்படாமல் நிற்கிறது. ஸ்பிரிண்ட் என்ற குறுகிய வேலைக்காலம் முடிந்ததும், நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோஸ்பெக்டிவ் கூட்டம் நடக்கிறது. அதற்கு முன்பாக, மூடிய பணிகளின் தரவை எடுத்து, எது எங்கே நின்றது, அடுத்த முறை எதை மாற்றவேண்டும் என்று அரைப்பக்கத்தில் எழுதி வைக்கிறார்கள். அந்த அரைப்பக்கத்துக்குத்தான் பெயர் வேண்டும். கூட்டத்தை 'மீள்நோக்கு' என்று ஏற்கெனவே ஆக்கியாயிற்று. 'மீள்நோக்குச் சுருக்கம்' என்றால் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம் என்றுதான் படுகிறது. இது கூட்டத்துக்கு முன்னால் தயாராவது. 'சுணக்கக் குறிப்பு' என்று வைக்கலாமா?

கு. சு., புதுச்சேரி

அரசாணைகளில் 'ரெட்ரோஸ்பெக்டிவ்' என்ற சொல் வரும்போது 'முன்தேதியிட்டு' என்றே எழுதிவந்தோம். ஊதிய உயர்வை முன்தேதியிட்டு வழங்குதல் என்பதுபோல. ஆகவே 'முன்தேதிச் சுருக்கம்' என்பது பொருத்தம். 'சுணக்கம்' அலுவலகக் கோப்புகளுக்கு ஏற்ற சொல் அல்ல என்பது என் கருத்து.

இரா. வே., லாஸ்பேட்டை

ஐயா, அது வேறு பொருள். அங்கே ஓர் உத்தரவு பழைய தேதியிலிருந்து செல்லுபடியாகிறது. இங்கே எதுவும் செல்லுபடியாவதில்லை, நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஆனால் 'சுணக்கம்' பற்றி நீங்கள் தயங்குவது ஏன் என்று சொல்லுங்கள்.

த. மா., மஞ்சக்குப்பம்

பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பது முக்கியம் அக்கா. ஒவ்வொரு பணியும் உருவான தேதி, மூடிய தேதி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதன் சராசரி. இந்த நான்கும் போதும். சராசரி கூடினால் ஸ்பிரிண்ட் இழுத்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் 'தாமத அறிக்கை' என்று நேராகச் சொல்லிவிடலாம்.

ச. அ., வில்லியனூர்

தம்பி, மூடிய தேதி சரி. உருவான தேதியை வைத்தால் கணக்கு கெட்டுவிடும். மூன்று மாதமாகப் பட்டியலில் கிடந்த பணியை இந்த ஸ்பிரிண்டில் எடுத்து இரண்டே நாளில் முடித்திருப்பார்கள். உங்கள் கணக்கில் அதுதான் மிக மெதுவான பணியாக வரும். தொடக்கப் புள்ளி, பணி முதல்முறை `In Progress` நிலைக்கு நகர்ந்த நேரம். அது பணியின் மேல்பக்கத்தில் தெரியாது, நிலைமாற்ற வரலாற்றில் இருக்கும்.

சராசரியும் ஏமாற்றும். ஐந்து பணிகள் 1, 1, 2, 2, 14 நாட்கள் எடுத்தன என்று வையுங்கள். சராசரி 4 நாள். ஆனால் 4 நாளுக்குப் பக்கத்தில் ஒரு பணிகூட இல்லை. நடுமதிப்பு 2 நாள் என்று எழுதி, அந்த 14 நாள் பணியைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதே பயன்.

பெயர் எதுவாக வேண்டும் என்பது, பிரித்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பணியை எடுத்துக்கொள்வோம்: கட்டண ரசீது அச்சிடும் திரை. வேலைநேரம் காலை 10 முதல் மாலை 6 வரை, நாளுக்கு 8 மணி.

திங்கள் காலை 10 மணிக்குத் தொடங்கி, செவ்வாய் மாலை 4 மணிக்கு நிரல் எழுதி முடிந்து மறுபார்வைக்குப் போகிறது. அதுவரை 14 மணி நேர உழைப்பு. வெள்ளி காலை 11 மணிவரை `In Review` நிலையிலேயே நிற்கிறது; அது 19 மணி. பிறகு திருத்தம் கேட்டுத் திரும்புகிறது. திருத்த ஒரு மணி நேரம். மறுபடி மறுபார்வைக்குப் போய், அடுத்த திங்கள் பிற்பகல் 3 மணிக்குத்தான் தேறுகிறது. இன்னொரு 11 மணி. சோதனைக்காரர் புதன் காலை 10 மணிக்குக் கையில் எடுக்கிறார். அதற்குள் மேலும் 11 மணி. மூன்று மணி நேரம் சோதித்து, பகல் 1 மணிக்கு மூடுகிறார்.

மொத்தம் 59 மணி. கை வைத்து வேலை செய்தது 18 மணி. 41 மணி நேரம் பணி யாரோ ஒருவருக்காகக் காத்திருந்தது, அதில் 30 மணி மறுபார்வை வாசலில். நிரல் எழுதியவர் இரண்டு மடங்கு வேகமாக எழுதியிருந்தால்கூட 7 மணிதான் மிச்சமாகியிருக்கும். இதை 'சுணக்கம்' என்று எழுதினால், ரசீதுத் திரை யார் பெயரில் இருந்ததோ அவர் சுணங்கினார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். "வேலையில் சுணக்கம் காட்டினார்" என்பதுதானே அந்தச் சொல்லின் புழக்கம். சுணங்குவது ஆள். இங்கே நின்றது பணி. அதனால் என் வாக்கு 'தேக்கம்': தேக்கக் குறிப்பு.

கு. சு., புதுச்சேரி

என் தயக்கமும் அதுவே. குறிப்பாணைகளில் ஊழியரைக் குற்றஞ்சாட்டும்போது வரும் சொல் அது. ஆனால் 'தேக்கம்' என்றாலும் நெருடுகிறது. நீர்த்தேக்கம் நாம் விரும்பிக் கட்டுவது. வீராணத்தில் தண்ணீர் தேங்கினால் கடலூர் மாவட்டத்து விவசாயிக்கு மகிழ்ச்சியல்லவா?

த. மா., மஞ்சக்குப்பம்

ஏரியில் தேங்கினால் மகிழ்ச்சி ஐயா, தெருவில் தேங்கினால் இல்லை. கெடிலத்தில் வெள்ளம் வரும் நாளில் இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தேதி விஷயத்தில் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 'தடைக் குறிப்பு' என்றால் இன்னும் தெளிவாக இருக்காதா? பலகையில் தடைக்கொடி போடும் வசதி ஏற்கெனவே இருக்கிறதே.

ச. அ., வில்லியனூர்

தடைக்கொடி போடுவது, மேலே போகவே முடியாது என்று ஆள் உணரும்போது. சேவை வழங்குநரிடமிருந்து சாவி வரவில்லை, சோதனை வழங்கி விழுந்துவிட்டது, இப்படி. ரசீதுத் திரைக்கு யாரும் கொடி போடவில்லை, போடவும் மாட்டார்கள், ஏனென்றால் எதுவும் தடுக்கவில்லை. வரிசையில் நின்றது, அவ்வளவுதான். கொடிகளை மட்டும் எண்ணி எழுதிய சுருக்கத்தில் இந்த 41 மணி வராது. கொடி விழுந்தது தடை, கொடியில்லாமல் நின்றது தேக்கம். இரண்டுக்கும் இரண்டு சொல் இருக்கட்டும்.

பா. நி., நெல்லிக்குப்பம்

நான் பட்டியலுக்குப் புதிது. எங்கள் பலகையில் மூன்றே நெடுவரிசைதான்: செய்யவேண்டியது, செய்வது, முடிந்தது. மறுபார்வை என்று தனியாக எதுவும் இல்லை. ஸ்பிரிண்ட் கடைசி நாள் காலையில் உட்கார்ந்து எல்லா அட்டைகளையும் 'முடிந்தது' பக்கம் இழுத்துவிடுவோம். இந்தத் தரவிலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா அண்ணா?

ச. அ., வில்லியனூர்

இப்போதைய தரவிலிருந்து முடியாது தம்பி. பத்துப் பன்னிரண்டு பணிகள் பத்து நிமிடத்துக்குள் மூடப்பட்டிருந்தால் அது பலகையைச் சுத்தம் செய்த நேரம், பணி முடிந்த நேரம் அல்ல. எந்தக் குழுவின் தரவானாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மூடிய நேரங்களை வரிசைப்படுத்தினால் கண்ணில் பட்டுவிடும். அப்படி இருந்தால் அந்தச் சுருக்கத்தில் நாள்கணக்கு எதுவும் எழுதாதீர்கள். நிரல் களஞ்சியத்தில் இணைப்புக் கோரிக்கை திறந்த நேரமும் இணைத்த நேரமும் இருக்கும், மறுபார்வைக் காத்திருப்பை அதிலிருந்து ஓரளவு எடுக்கலாம்.

அடுத்த ஸ்பிரிண்டுக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். 'செய்வது' நெடுவரிசைக்குப் பிறகு 'மறுபார்வைக்குக் காத்திருப்பது' என்றும் 'மறுபார்வையில்' என்றும் இரண்டு நெடுவரிசை சேருங்கள். ஒன்றே சேர்த்தால் போதாது. மேலே நான் சொன்ன 30 மணியில், ஒருவர் உட்கார்ந்து நிரலைப் படித்த நேரமும் கலந்திருக்கிறது. அரை மணியா, மூன்று மணியா, அந்தப் பலகையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

இரா. வே., லாஸ்பேட்டை

'தேக்கம்' எனக்கும் ஒட்டுகிறது. ஆனால் மென்பொருள் இப்போது மூடிய பணிகளை மட்டும்தான் எடுக்கிறது. முடியாமல் அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போனவை அதில் இல்லை. அப்படியானால் 'கண்டுமுதல்' என்ற களத்துச் சொல் பொருந்துமா? அடித்துத் தூற்றி அளந்தபின் கையில் நின்றது எவ்வளவோ அதுதானே கண்டுமுதல்.

ச. அ., வில்லியனூர்

அழகான சொல் அக்கா. 'முடித்த பணிகளின் தொகை'க்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கச்சிதமாக உட்காரும். இந்தச் சுருக்கத்துக்கு வேண்டாம். களத்துக்கு வராத நெல்லைப் பற்றிக் கண்டுமுதல் பேசாது, இங்கே அதுதான் பெரிய ஓட்டை. 17 பணி எடுத்து 14 மூடினால், மிகவும் இழுத்த மூன்றும் தரவுக்கு வெளியே நிற்கின்றன. மீதி 14இன் நடுமதிப்பு பார்க்க நன்றாகவே இருக்கும். ஸ்பிரிண்ட் எவ்வளவு மோசமோ அவ்வளவு நன்றாகத் தெரியும். ஆகவே மூடியவற்றோடு, போனவற்றையும் பக்கத்தில் வைத்தே எழுதவேண்டும்.

ஜிரா என்ற பணிப்பலகை மென்பொருளில் இன்னொரு சிக்கல். அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போன பணியிலும் பழைய ஸ்பிரிண்டின் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு வாரம் கழித்து `status = Done` என்று தேடினால், தாமதமாக முடிந்தவையும் சேர்ந்து வந்து, எல்லாம் முடிந்ததுபோலக் காட்டும். நேரத்தைக் குறித்துத் தேடவேண்டும்:

```
sprint = 42 AND resolved <= "2025-07-18 18:00"

sprint = 42 AND (resolved is EMPTY
  OR resolved > "2025-07-18 18:00")
```

முதலாவது மூடியவை, இரண்டாவது போனவை. மணியை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் கொடுத்தால் அது அன்று நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளும். கடைசி நாள் மூடியவை எல்லாம் இரண்டாவது பட்டியலுக்குப் போய்விடும்.

த. மா., மஞ்சக்குப்பம்

விடுமுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. ஆகஸ்ட் 16 புதுச்சேரியில் உங்களுக்கு விடுமுறை, தமிழ்நாட்டில் எங்களுக்கு வேலை நாள். நவம்பர் 1ம் அப்படித்தான். கடலூரில் எழுதி புதுச்சேரியில் மறுபார்வை செய்யும் குழுவென்றால், ஒரே நாட்காட்டியை வைத்து மணிக்கணக்குப் போட்டால் அந்த 8 மணி தேக்கமாகப் பதிவாகிவிடும்.

ச. அ., வில்லியனூர்

சரியான கேள்வி. ஆனால் அதைக் கழிப்பதா என்பதில் எனக்கே இரண்டு மனம். மறுபார்வையாளரைக் குறை சொல்லக்கூடாது என்றால் கழிக்கவேண்டும். பணி உண்மையில் எத்தனை நாள் நின்றது என்று தெரியவேண்டுமென்றால் கழிக்கக்கூடாது, அன்று கடலூர்க்காரர் காத்துத்தானே கிடந்தார். எப்படிச் செய்தாலும் எந்த நாட்காட்டி என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

கு. சு., புதுச்சேரி

ஒரு மாதிரி வாசகம் கொடுத்தால் சொல்லை எடைபோட உதவும்.

ச. அ., வில்லியனூர்

இதோ ஐயா:

"எடுத்தவை 17, மூடியவை 14, போனவை 3. மூடியவற்றில் 9 பணிகள் மறுபார்வையில் ஒரு நாளுக்கு மேல் தேங்கின. போன மூன்றும் அங்கேதான் நிற்கின்றன. ஒரே நேரத்தில் சுமார் 6 பணிகள் வரிசையில் இருந்தன, நாளுக்கு 2 தேறின. மாற்றம்: வரிசையில் 3 பணி சேர்ந்தால், புதிய பணி எடுக்குமுன் ஒன்றை மறுபார்வை செய்வது. அடுத்த முறை பார்க்கவேண்டியது: மறுபார்வைத் தேக்கத்தின் நடுமதிப்பு."

6ஐ 2ஆல் வகுத்தால் 3 நாள். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி அதுதான். வரிசை ஏறத்தாழ நிலையாக இருக்கும்வரை, மறுபார்வைக்கு வந்த பணி சராசரியாக 3 நாள் நிற்கும் என்று வரலாற்றைத் தோண்டாமலே சொல்லலாம். ஆள் பெயர் எங்கும் வரவில்லை, பாருங்கள்.

கு. சு., புதுச்சேரி

"மறுபார்வையில் தேங்கின" என்று வினையாக வரும்போது தெளிவாகவே இருக்கிறது. நீர்த்தேக்கம் நினைவுக்கு வரவில்லை. ஆனால் வெறும் 'குறிப்பு' போதாது, மாற்றமும் அதில் இருக்கிறதே. 'தேக்கப் படிப்பினை' என்று முழுமையாக்கலாம்.

இரா. வே., லாஸ்பேட்டை

ஐயா சொல்வது பொருளில் சரி. பொத்தானில்தான் 'தேக்கப் படிப்பினை' நீளமாகிறது. இப்போதைக்குப் பொத்தானில் 'தேக்கக் குறிப்பு', திறந்தால் வரும் பக்கத்தின் தலைப்பில் 'தேக்கப் படிப்பினை' என்று போடுகிறேன். போன பணிகளையும் சேர்த்து எடுக்கச் சொல்லி உருவாக்குநர்களுக்குத் தனியாக ஒரு வழு பதிகிறேன். 'ஸ்பிரிண்ட்' அப்படியே இருக்கட்டும், 'குறுவோட்டம்' பற்றி வேறு இழையில் பேசுவோம்.

பா. நி., நெல்லிக்குப்பம்

இரண்டு நெடுவரிசையும் சேர்த்துவிட்டேன் அண்ணா. முதல் நெடுவரிசையில் இப்போதே நான்கு அட்டை நிற்கிறது.