மேற்கோளுக்குள் சாய்வெழுத்து: யார் போட்டது என்று சொல்ல வேண்டுமா?

கயல்: சட்ட ஆய்வேடு எழுதுகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவை எடுத்துக்காட்டும் ஒரு தீர்ப்பிலிருந்து ஒரு பத்தியைத் தருகிறேன். அதில் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ ஏற்கெனவே சாய்வெழுத்தில் இருக்கிறது. ‘தனிமனிதச் சுதந்திரம்’ என்பதை நான் சாய்க்கப் போகிறேன். குறிப்பு எப்படி எழுதுவது?

மாறன்: நீங்கள் சாய்த்ததற்கு மட்டும் ‘அழுத்தம் என்னுடையது’ என்று போட்டால் போதும். ஏபிஏ, ப்ளூபுக் ஆகிய இரண்டு மேற்கோள் முறைகளும் மூலத்தில் உள்ள சாய்வுக்குக் குறிப்புக் கேட்பதில்லை.

ரஃபீக்: வழக்குப் பெயர்களை எப்போதும் சாய்வில்தானே போடுகிறோம்? அதற்கெல்லாமா குறிப்பு?

கயல்: வழக்குப் பெயர் இல்லை சார், மேற்கோளுக்குள் இருக்கும் சொற்கள்.

சுகந்தி: மாறன் சொல்வது ஒரே ஒரு சாய்வு இருந்தால் சரி. இங்கே இரண்டு. பத்தி முடிவில் ‘அழுத்தம் என்னுடையது’ என்று நின்றால் இரண்டுமே கயல் போட்டவை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். சரி, ‘மூலத்தில் உள்ளது’ என்று சேர்த்தால்? எது மூலம்? 21ஆவது பிரிவில் சாய்வே கிடையாது, நீதிபதி போட்டது அது. 1950இல் கோபாலன் வழக்கிலும் 1978இல் மேனகா காந்தி வழக்கிலும் இந்தச் சொற்றொடரின் பொருளைப் பற்றித்தான் பெரிய வாதம் நடந்தது. அதை அரசமைப்பே அழுத்திச் சொன்னதுபோல் காட்டினால் வாசகரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறோம். நான் இப்படி எழுதுவேன்: ‘முதல் அழுத்தம் தீர்ப்பில் உள்ளது, இரண்டாவது என்னுடையது.’

மாறன்: ஏபிஏ முறையில், சாய்த்த சொற்களை ஒட்டியே சதுர அடைப்புக்குறிக்குள் குறிப்பு வரும். அப்புறம் எது யாருடையது என்ற குழப்பம் எங்கே?

சுகந்தி: உங்கள் சாய்வு தெளிவாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். நீதிபதியின் சாய்வு இன்னும் அரசமைப்பினுடையதுபோல்தானே நிற்கிறது?

தேவகி: என் கட்டுரை ஒன்றை அச்சுக்கோத்தபோது சாய்வெல்லாம் போய்விட்டது. ‘அழுத்தம் என்னுடையது’ மட்டும் மிச்சம். எதில் அழுத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் தனிச் சாய்வு வடிவமே இல்லை, மென்பொருள்தான் நேர் எழுத்தைச் சாய்த்துக் காட்டுகிறது. அன்றிலிருந்து தடித்த எழுத்துதான் எனக்கு.

மாறன்: உங்கள் அழுத்தத்துக்குத் தடிப்பு சரி. நீதிபதி சாய்த்ததைத் தடிப்பாக்கினால் மேற்கோளையே மாற்றியதாகிவிடும்.

சுகந்தி: எனக்கு அது அவ்வளவு பெரிய குற்றமாகத் தெரியவில்லை, குறிப்பில் சொல்லிவிட்டால் போதும். கயல், தீர்ப்பை எங்கிருந்து எடுத்தீர்கள்?

கயல்: ஒரு இணையதளத்திலிருந்து ஒட்டினேன்.

சுகந்தி: அப்படியானால் அந்தச் சாய்வு நீதிபதியுடையதுதானா என்பதே உறுதியில்லை. பதிப்பித்தவர் சேர்த்திருக்கலாம், ஒட்டும்போது வேறு சாய்வு விழுந்தும் போயிருக்கலாம். நீதிமன்றம் வெளியிட்ட பிடிஎஃப்பில் அந்தப் பத்தியைப் பாருங்கள். பத்தி முடிவில் ‘அழுத்தம் தரப்பட்டது’ என்று நீதிபதியே எழுதியிருந்தால் அதையும் விடாமல் எடுங்கள். இந்தியத் தீர்ப்புகளில் அது அடிக்கடி வரும்.