பதினெட்டுப் படிகளை எழுதாமல் விட்ட விளம்பரம்: ஹட்டனில் வைத்திய அறையை வாடகைக்கு விட்ட அனுபவம்

ஹட்டன், கட்டட உரிமையாளர்

பிரதான வீதியை நோக்கியிருக்கும் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு வைத்தியர் நோயாளரைப் பார்ப்பதற்கு ஏற்ற அறையும், பத்துப் பேர் அமரக்கூடிய கூடமும் உள்ளன. கடந்த ஆண்டு நான் கொடுத்த விளம்பரத்தில் "பஸ் நிலையத்துக்கு அருகில், சன நடமாட்டம் மிகுந்த இடம், வாகனத் தரிப்பிட வசதி உண்டு" என்று எழுதினேன். அவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆயினும் அறையை எடுத்த வைத்தியர் நான்கு மாதங்களில் முற்பணத்தின் மீதியைப் பெற்றுக்கொண்டு விலகிவிட்டார். அவருடைய நோயாளரில் பெரும்பாலானோர் முழங்கால் தேய்ந்த, கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற முதிய பெண்கள். வீதியிலிருந்து கூடத்துக்குப் பதினெட்டுப் படிகள் இருப்பதை என் விளம்பரம் எங்கும் சொல்லவில்லை. ஒரு நாள் மழையில், ஓர் அம்மா ஆறாவது படியில் அமர்ந்து, தன் மருந்துச் சீட்டையும் மருந்துப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, வைத்தியரைக் கீழே இறங்கி வரச் சொல்ல முடியுமா என்று மகனிடம் கேட்டதை நானே பார்த்தேன். இரண்டாம் முறை விளம்பரம் எழுதுமுன் மற்றவர்களுடைய அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

நுவரெலியா, சிறு ஒப்பந்தகாரர்

ஐயா, படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். நான் ஒரு பற்சிகிச்சை நிலையத்துக்கு நான்கு படிகளின் மேல் பலகைச் சாய்தளம் போட்டுக் கொடுத்தேன், ஒரே நாளில் வேலை முடிந்தது. விளம்பரத்தில் "சாய்தள வசதி உண்டு" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பண்டாரவளை, மருந்தகம் நடத்துபவர்

தம்பி சொல்வது நான்கு படிக்குச் சரி. ஹட்டன் ஐயாவின் படிகள் ஒவ்வொன்றும் ஏழு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பதினெட்டுப் படிகளின் உயரம் பத்தரை அடி வரும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே சக்கர நாற்காலிக்கு ஏற்கப்பட்ட சரிவு. ஆகவே 126 அடி நீளமான சாய்தளம் தேவைப்படும், இடையில் இளைப்பாறச் சமதளமும் விட வேண்டும். நகரின் நடுவே அவ்வளவு இடம் யாருக்கு இருக்கிறது? குறுகிய நீளத்தில் செங்குத்தாகப் போட்ட பலகை தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பாசி பிடித்துப் படியை விட ஆபத்தாகிவிடும்.

மலைநாட்டுக் கட்டடங்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சரிவில் கட்டிய வீட்டின் மேல்மாடி, பின்னால் இருக்கும் மேல் வீதிக்குச் சமதளமாக இருப்பது இங்கே வழமை. அதனால் "மேல்மாடி", "கீழ்மாடி" என்று எழுதுவது வாசிப்பவரை ஏமாற்றிவிடும். எந்த வீதியிலிருந்து எத்தனை படி என்றே எழுத வேண்டும். உங்கள் கட்டடத்தின் பின்பக்கம் வழி ஏதும் இருக்கிறதா?

ஹட்டன், கட்டட உரிமையாளர்

இருக்கிறது. பின்னால் ஓர் ஒழுங்கை கூடத்தின் சன்னல் மட்டத்திலேயே வந்து முடிகிறது. இடையில் இரண்டே படிகள். அதை நாங்கள் விறகும் பழைய தகரமும் போடும் இடமாகவே நினைத்திருந்தோம். நீங்கள் கேட்டதும் அளந்தேன். அகலம் ஏழரை அடி. ஓர் ஆட்டோ தாராளமாக வரும், ஆனால் இரண்டு ஆட்டோக்கள் விலக முடியாது. தெரிந்த சாரதி ஒருவரை வரச் சொல்லி, ஒழுங்கை முடியும் அகலமான இடத்தில் திருப்பிப் பார்த்தபோது, அவர் முன்னும் பின்னுமாக நான்கு முறை எடுக்க வேண்டியிருந்தது. பழைய தகரத்தை அகற்றிய பிறகு இரண்டே முறையில் திரும்பினார்.

மஸ்கெலியா, ஓர் உறுப்பினர்

என் தாயாருக்கும் இதே முழங்கால் வலிதான். ஹட்டனில் எலும்பு வைத்தியர் எந்த நாளில் வருகிறார், இந்த அறையில் இலக்கம் எடுக்கலாமா என்று யாராவது சொல்லுங்கள். தோட்டத்திலிருந்து ஆட்டோ பிடித்துச் சென்ற இரண்டு முறையும், இறக்கிவிட இடமில்லை என்று சாரதி சந்திக்கு அப்பால் இறக்கிவிட்டார். அங்கிருந்து அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றேன்.

பண்டாரவளை, மருந்தகம் நடத்துபவர்

அக்கா, இங்கு அறையை வாடகைக்கு விடுவது பற்றியே பேசுகிறோம், வைத்தியர் இன்னும் அமையவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதுதான் தரிப்பிடம் பற்றிய முக்கியமான செய்தி. நோயாளர் பலர் சொந்த வாகனத்தில் வருவதில்லை. எத்தனை கார் நிறுத்தலாம் என்பதைவிட, ஆட்டோ வாசலில் நின்று ஒருவரை இறக்கும் இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்காத இடம் இருக்கிறதா என்பதே அவர்களுக்குத் தேவை. வைத்தியருக்கு மட்டும் ஒரு கார் நிறுத்தும் இடத்தைத் தனியாக எழுதுங்கள்.

பதுளை, ஓய்வுபெற்ற கணக்காளர்

சன நடமாட்டத்தைப் பற்றி என் கடையறை அனுபவத்தைச் சொல்கிறேன். அதை வாடகைக்கு விடுமுன் வாசலில் அமர்ந்து, கடந்து போனவர்களை ஆளுக்கொரு கோடாகக் கால் மணி வாரியாக எண்ணினேன். சாதாரண நாள், ஞாயிறு, தோட்டத்தில் சம்பளம் கொடுத்த மறுநாள் என மூன்று நாட்களும் மூன்று வேறு ஊர்கள் போல இருந்தன. ஆகவே "தினமும் இத்தனை பேர்" என்று ஒரே எண்ணை எழுதுவது சரியாகாது. மேலும், பதிவு இல்லாமல் வைத்திய அறையை வாடகைக்குக் கொடுத்தால் கட்டட உரிமையாளரே தண்டிக்கப்படுவார், ஆகவே நீங்களே முதலில் பதிவு எடுத்துவிடுங்கள்.

கம்பளை, டிஸ்பென்சரி நடத்தும் வைத்தியர்

எண்ணிப் பார்க்கும் முறை நல்லது. பதிவு பற்றிய கருத்து பாதிதான் சரி. 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிலையங்களின் பதிவுச் சட்டத்தின் கீழ், நிலையத்தை நடத்துபவரே பதிவு செய்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டட உரிமையாளர் செய்யக்கூடியது, கை கழுவும் தொட்டியும் ஓடும் நீரும் அறைக்குள்ளேயே இருப்பதையும், தனிமறைப்பு இருப்பதையும் உள்ளபடி எழுதுவதே.

எண்ணும்போது நேரத்தையும் பாருங்கள். அரச வைத்தியசாலையில் பணிபுரியும் எம்மைப் போன்றோர் நான்கு மணிக்குப் பின்னரே தனியார் அறைக்கு வர முடியும். தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ் ஆறு மணியளவில் புறப்படும் ஊரில், ஐந்தரைக்குப் பிறகு வாசலைக் கடந்து ஓடும் நூறு பேரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்களே. அவர்களில் ஒருவரும் படியேற மாட்டார். நான் முன்பு எடுத்திருந்த ஓர் அறை, பகலில் சனம் நிறைந்த இடத்தில் இருந்தும், எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரமே. அதை முன்பே அறிந்திருந்தால் வாடகையை மாதத்துக்கு அல்லாமல் அமர்வுக்கு இவ்வளவு என்று பேசியிருப்பேன்.

ஹட்டன், கட்டட உரிமையாளர்

மூன்று நாட்கள் எண்ணினேன். நாலரையிலிருந்து ஐந்தரை வரை நடமாட்டம் மிகுதி, ஆறு மணிக்கு வீதி வெறுமையாகிவிடுகிறது. ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை சந்தைக்கு வருவோர் நின்று பேசிக்கொண்டு மெதுவாக நடக்கிறார்கள், வாசலில் தொங்கும் பலகைகளையும் வாசிக்கிறார்கள். புதிய விளம்பரத்தை இவ்வாறு எழுதியிருக்கிறேன்:

"பிரதான வீதியிலிருந்து பதினெட்டுப் படிகள், ஒரு பக்கம் கைபிடி உண்டு. பின்னொழுங்கையிலிருந்து இரண்டு படிகள். ஆட்டோ வாசல் வரை வரும், அம்புலன்ஸ் வராது. வைத்தியருக்கு ஒரு கார் நிறுத்தலாம், நோயாளருக்குத் தரிப்பிடம் இல்லை. வார நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பின் நடமாட்டம் குறைவு, ஞாயிறு காலை மிகுதி. மாத வாடகைக்கும் அமர்வுக்கும் தனித்தனியே பேசலாம்."

மூன்று பேர் அழைத்தார்கள். இவற்றில் எதையும் திரும்பக் கேட்காமல் நேரே அறையைப் பார்க்க வந்தவர் ஒரு பெண் வைத்தியர். அவர் மாலை ஏழு மணிக்கு ஒழுங்கையில் நின்று வெளிச்சம் போதாது என்றார். ஒரு விளக்குப் போட ஒப்புக்கொண்டேன்.

பண்டாரவளை, மருந்தகம் நடத்துபவர்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன்: அந்த ஒழுங்கை உங்கள் உறுதியில் இருக்கிறதா?

ஹட்டன், கட்டட உரிமையாளர்

உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துப் பார்த்தேன். வீதியிலிருந்து பெரும்பகுதி நகர சபையின் ஒழுங்கை. கடைசி இருபது அடி பக்கத்து வீட்டாருடைய காணி. அவர் நல்ல மனிதர். "நோயாளிகள் தாராளமாக வரட்டும், நான் கட்டடம் கட்டும் வரை தடையில்லை" என்றார். அந்த வைத்தியரோ, அவ்வழியை எழுத்தில் தராமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது என்கிறார். அவர் கேட்பது நியாயம். பக்கத்து வீட்டாரிடம் கையெழுத்துக் கேட்க இன்னும் எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைச் சந்திக்கப் போகிறேன். அதுவரை விளம்பரத்திலிருந்து பின்னொழுங்கை பற்றிய வரியை எடுத்திருக்கிறேன்.