சந்தேகம்: வாசகர்கள் கொண்டாடிய சிங்காரத்தை இப்போது ஏன் வெறுக்கிறார்கள்?

கயல், மந்தைவெளி

வணக்கம். வாரந்தோறும் வியாழக்கிழமை ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் இணையத்தில் தொடர்கதை எழுதி வருகிறேன். இதுவரை 20 அத்தியாயங்கள் வந்துவிட்டன. வியாசர்பாடிக் குடியிருப்பில் வாழும் சிங்காரம் என்னும் ஓய்வுபெற்ற மாநகரப் பேருந்து நடத்துநர்தான் கதையின் நடுநாயகம். முதல் 16 அத்தியாயங்கள் வரை வாசகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இப்போதோ "இந்த ஆளை எப்போது கொல்லப் போகிறீர்கள்" என்று கேட்கிறார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். 4-ஆம் அத்தியாயத்தில், கைரேகை பதியவில்லை என்று ரேஷன் கடையிலிருந்து திரும்பத் திரும்ப வெறுங்கையோடு அனுப்பப்பட்ட ராசாத்திப் பாட்டிக்காக, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே சிங்காரம் கடைக்குப் போய்ச் சண்டையிட்டு அரிசி வாங்கி வருகிறார். 17-இல், மகன் இறந்தபின் தம்மோடு வசிக்கும் மருமகள் செல்வி வேலை செய்யும் தையல் கூடத்துக்கு, முதலாளியைப் பற்றி யாரோ சொன்னதை நம்பி, அவளிடம் கேட்காமலேயே போய், "நாளை முதல் அவள் வரமாட்டாள்" என்று சொல்லிக் கணக்கை முடித்துக்கொண்டு வருகிறார். இரண்டுமே ஒரே குணம், ஒரே அன்பு. குணச்சித்திரத்தில் நான் எங்கும் தவறவில்லை என்றே நினைக்கிறேன். பிறகு எங்கே பிசகியது?

தாமோதரன், பெரம்பூர்

அம்மா, இதில் பிசகு ஏதும் இல்லை. இன்றைய வாசகர்கள் கதாபாத்திரத்திடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவர் ஏன் இப்படி அஞ்சுகிறார் என்பதற்கு ஒரு பழைய கதையைக் கொடுங்கள். அவருடைய தங்கைக்கு வேலை செய்த இடத்தில் ஏதோ நேர்ந்தது என்று 21-இல் எழுதிவிட்டால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள்.

முத்துலட்சுமி, திருவல்லிக்கேணி

என் மாமனாரும் இப்படித்தான். 1998-இல் எனக்கு வந்த ஆசிரியர் வேலையை "நம் வீட்டுக்குச் சரிப்படாது" என்று அவரே கடிதம் எழுதி மறுத்துவிட்டார். நல்ல மனிதர்தான், எனக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பார். ஆனாலும் அந்தக் கடிதத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உங்கள் செல்வி என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளத்தான் 18-ஐத் திறந்தேன். அங்கே அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

இளங்கோ, நங்கநல்லூர்

கயல் அம்மாவுக்கு: 30 ஆண்டுகளாகப் பத்திரிகைகளுக்குக் கதைகளைச் செம்மை செய்து கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முத்துலட்சுமி அம்மா சொந்தக் கதையைச் சொல்வதுபோல விடையையே சொல்லிவிட்டார். குணம் ஒன்றுதான், ஆனால் அந்தக் குணத்துக்கு விலை கொடுப்பவர் மாறிவிட்டார். 4-இல் சிங்காரம் மோதியது தம்மைவிட வலியவரோடு. பாட்டிக்குக் கிடைத்தது அரிசி. 17-இல் அவர் முடிவெடுத்தது தம்மை எதிர்த்துப் பேச முடியாத ஒருத்தியின் தலைக்கு மேல். அவள் இழந்தது சம்பளம். நீங்கள் எழுதும்போது அவருடைய நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தீர்கள், ஆகையால் உங்களுக்கு அன்பு மட்டுமே தெரிந்தது. வாசகரோ அந்தக் காட்சியில் யார் வாய்திறக்காமல் நிற்கிறாரோ அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

ஆனாலும் 17-ஐ மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஒன்று செய்து பாருங்கள். 17-க்கும் 18-க்கும் வந்த கருத்துகளைத் தனித்தனியே எடுத்து, அவை சிங்காரத்தைத் திட்டுகின்றனவா, உங்களைத் திட்டுகின்றனவா என்று பிரியுங்கள். பாத்திரத்தின்மேல் வரும் கோபம் கதை உயிரோடு இருப்பதற்கு அடையாளம். எழுதியவர்மேல் வரும் கோபம் வேறு வகை.

கயல், மந்தைவெளி

பிரித்துப் பார்த்தேன் ஐயா. 17-க்கு வந்த 38 கருத்துகளில் 31, "சிங்காரம் ஐயா இப்படிச் செய்யலாமா", "செல்வி என்ன செய்யப் போகிறாள்" என்ற வகை. 18-க்கு வந்தவை 52. அவற்றில் 40-க்கு மேல், "ஆசிரியருக்கு ஏன் இந்தக் கிழவர்மேல் இவ்வளவு பாசம்" என்ற வகை. வெறுப்பு 17-இலேயே தொடங்கிவிட்டது என்று நான் நினைத்தது தவறு போலும்.

இளங்கோ, நங்கநல்லூர்

18-இன் மூன்றாம் பத்தியில் ஒரு வரி இருக்கிறது: "மாமாவின் மனது எனக்குத் தெரியாதா என்று செல்வி சிரித்தாள்." பிசகு அந்த ஒரு வரியில்தான். வாசகர் ஏழு நாட்கள் அவளுக்காகக் கோபத்தைப் பொத்திவைத்துக்கொண்டு காத்திருந்தார். நீங்களோ அவள் வாயாலேயே அவரை மன்னித்துவிட்டீர்கள். அதற்கு மேல் வாசகரின் கோபத்துக்குக் கதைக்குள் இடமில்லை. எனவே அது உங்கள்மேல் திரும்பியது.

வாலி வதையை நினைத்துப் பாருங்கள். மறைந்து நின்று அம்பெய்தவன் கம்பனுக்குக் கடவுள். ஆயினும் அம்பு தைத்துக் கிடக்கும் வாலியை, கேட்க வேண்டியதையெல்லாம் பாட்டுப் பாட்டாகக் கேட்கவிட்டான் கம்பன். மறைந்து எய்தது ஏன் என்ற கேள்விக்கு இலக்குவன் சொல்லும் பதில் போதுமா என்று பட்டிமன்றங்களில் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். கம்பன் ஒருதலையாக எழுதிவிட்டான் என்று அங்கே யாரும் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் செல்விக்கு வாலிக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

தாமோதரன் ஐயா சொன்ன தங்கை கதையும் முற்றிலும் தவறானதன்று. அது 9-இலோ 10-இலோ வந்திருந்தால் 17-இல் அவருடைய அச்சம் நமக்கும் தொற்றியிருக்கும். வெறுப்பு வந்தபின் 21-இல் கொண்டுவந்தால், அது வக்கீல் எழுந்து வாதாடுவதுபோல் இருக்கும்.

தாமோதரன், பெரம்பூர்

எழுதியவர் தம் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் வாசகர் ஏன் ஏற்க மாட்டார்? 18-இன் அடியில் ஒரு குறிப்புப் போட்டால் போதாதா?

நசீமா, ராயப்பேட்டை

போதாது ஐயா. கல்லூரியில் ஆங்கில நாவல் பாடம் நடத்துகிறேன். 1747, 48-இல் பகுதி பகுதியாக வெளிவந்த "கிளாரிசா" நாவலில், ரிச்சர்ட்சன் லவ்லேஸ் என்பவனைக் கயவனாகவே படைத்தார். வாசகர்களில் பலர் அவன் பேச்சிலும் சாமர்த்தியத்திலும் மயங்கிப் போனார்கள். பின்வந்த பதிப்புகளில் அவர் பகுதிகளைச் சேர்த்து, அடிக்குறிப்புகளும் எழுதி அவனைக் கருமையாக்கப் பார்த்தார். ஆனாலும் அந்த மயக்கம் முழுதாகத் தீரவில்லை. கயல் அவர்களின் சிக்கல் தலைகீழானது, ஆனால் மருந்து அதேபோல் பலிக்காது. குறிப்பில் இருப்பது உங்கள் எண்ணம்; வாசகர் கையில் இருப்பது காட்சி.

ஒன்றில் மட்டும் இளங்கோ ஐயாவிடமிருந்து வேறுபடுகிறேன். ஏழு நாள் இடைவெளிக்கும் இதில் பங்கு உண்டு. நூலாக வந்து ஒரே மூச்சில் படிப்பவருக்கு 17-க்கும் 18-க்கும் நடுவே இருப்பது ஒரு பக்கம் மட்டுமே.

கயல், மந்தைவெளி

தொடரைப் படிக்காத என் தோழிகள் மூவரிடம் 20 அத்தியாயங்களையும் அச்செடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஒருத்திக்குச் சிங்காரத்தை இன்னும் பிடித்திருக்கிறது. மற்ற இருவரும் அதே "சிரித்தாள்" என்ற சொல்லின் கீழ்தான் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

18-ஐ மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். செல்வி காபியை வைத்துவிட்டு, "கணக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று மட்டும் கேட்கிறாள். சிங்காரம் 2,340 ரூபாயை நீட்டுகிறார். அவள் நடத்துநர் மகன் மனைவி அல்லவா, நின்று எண்ணுகிறாள். ஓவர்டைம் 600 குறைகிறது. அதைக் கேட்டு வாங்க அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் ஓவர்டைம் பார்த்ததே அவருக்குத் தெரியாது.

முத்துலட்சுமி, திருவல்லிக்கேணி

அந்த 600 ரூபாயை விட்டுவிடாதீர்கள். என் மாமனாருக்கும் நான் எந்த வகுப்புக்கு விண்ணப்பித்தேன் என்று தெரியாது.

இளங்கோ, நங்கநல்லூர்

இது நன்றாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே வெளியான 18-ஐ நீக்கிவிட்டு இதை வைக்கப் போகிறீர்களா? அதை நான் ஏற்க மாட்டேன். அந்தச் சிரிப்பைப் படித்தவர்கள் படித்துவிட்டார்கள். 21-இல் செல்வி தானாகத் தையல் கூடத்துக்குப் போய் 600 ரூபாயைக் கேட்கட்டும், தான் அன்று சிரித்தது எதற்கு என்பதும் அங்கே தெரியட்டும்.

நசீமா, ராயப்பேட்டை

நான் மாற்றச் சொல்வேன். நூலாக வரும்போது எதை அச்சிடுவது என்ற கேள்வி எப்படியும் வரத்தான் போகிறது.

கயல், மந்தைவெளி

வியாழனுக்கு இன்னும் மூன்று நாட்கள் இருக்கின்றன. இரண்டையும் எழுதிப் பார்க்கிறேன்.