கோபி வீட்டு மாடியில் எத்தனை கிலோ ஏறப் போகிறது?

கவிதா, காலை 7:10
அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் கோபிசெட்டிபாளையம் வீட்டில் பின்புற அறைகள் இரண்டும் மழைக்கு ஒழுகுவதால், பழைய தட்டோட்டை உடைக்காமல் அதன் மேலேயே புதிதாகக் கலவை போட்டு, கூலிங் டைல்ஸ் பதித்துத் தருவதாக மேஸ்திரி சொல்கிறார். தண்ணீர் இப்போது பின்பக்கமாக இறங்குகிறது. சம்ப்பு முன்வாசலில் இருப்பதால் வாட்டத்தை முன்பக்கமாகத் திருப்பிவிடலாம் என்கிறார். முன்பக்கக் குழாயடியில் கலவை ஓர் அங்குலம்தான் வருமாம். மாடி 20 அடிக்கு 30 அடி. இரண்டு யூனிட் எம்-சாண்ட் இறக்கச் சொல்லியிருக்கிறார். தளம் இந்த எடையைத் தாங்குமா என்பது மட்டும்தான் என் கேள்வி.

மல்லிகா அத்தை, காலை 7:24
கண்ணு, வெள்ளை நிற டைல்ஸையே வாங்கு. திருப்பூரில் எங்கள் மாடிக்கு அதைத்தான் போட்டோம், சித்திரை வெயிலிலும் கீழே படுத்து உறங்க முடிகிறது. சொரசொரப்பாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து வாங்கு, மழையில் வழுக்கக் கூடாது.

கவிதா, காலை 7:26
சரிங்க அத்தை. நான் கேட்டது எடையைப் பற்றிங்க.

செல்வராஜ் சித்தப்பா, காலை 7:48
அம்மிணி, இதற்குக் கணக்கு எளிது. ஒரு சதுர அடிப் பரப்பில் ஓர் அங்குலக் கனத்துக்கு காங்கிரீட் 6 கிலோ, சிமெண்ட் கலவை 5 கிலோ என்று வைத்துக்கொள். உன் கலவை ஓர் அங்குலம் என்றால் 5 கிலோ. டைல்ஸும் அதை ஒட்டும் பசையும் சேர்ந்து 3 கிலோ. ஆக 8 கிலோ. 600 சதுர அடிக்கு 4,800 கிலோ ஆகிறது. ஆள் நடமாடும் மாடிக்குச் சதுர அடிக்கு 14 கிலோ கூடுதல் பாரம் வரும் என்று எண்ணித்தான் கம்பி கட்டுவார்கள். 8 கிலோ அதற்குள் அடங்கிவிடுவதால் தைரியமாகப் போடலாம்.

சரவணன் அண்ணா, காலை 8:15
சித்தப்பா சொன்ன அலகு எடைகள் சரியானவை. காங்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2,500 கிலோ, சிமெண்ட் கலவை ஏறக்குறைய 2,080 கிலோ. அதைச் சதுர அடிக்கும் அங்குலத்துக்கும் மாற்றினால் 6, 5 என்றுதான் வரும். கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இல் ஏறிப் புழங்கும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றிருப்பதுதான் அந்த 14 கிலோ. ஆனால் கனம் ஓர் அங்குலம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 600 சதுர அடிக்கு ஓர் அங்குலம் என்றால் 50 கன அடிக் கலவைதான், அதற்கு அரை யூனிட் மணலே போதும். மேஸ்திரி இரண்டு யூனிட் கேட்கிறார் என்றால், சராசரிக் கனம் மூன்றரை அங்குலம் வரை போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் சொன்ன ஓர் அங்குலம் குழாய் வாயில் உள்ள கனம் மட்டும்.

கவிதா, இன்று இரண்டு அளவுகள் எடுத்துத் தர முடியுமா? சோலார் ஹீட்டர் குழாய்க்காக மாடி நடுவில் போட்ட துளையில் ஸ்கேலை விட்டு, எந்த அடுக்கு எத்தனை அங்குலம் என்று பார். பிறகு டியூப் லெவல் பிடித்து, முன்பக்கக் கைப்பிடிச் சுவரடிக்கும் பின்பக்கச் சுவரடிக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று சொல்.

பழனியப்பன் பெரியப்பா, காலை 8:40
அந்தத் தார்சு போட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூன்று நாள் கட்டையால் தட்டினார்கள். அந்தச் சுருக்கிதான் வீட்டுக்குக் குளிர்ச்சி. அதை உடைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கவிதா, பகல் 12:35
அளந்துவிட்டேன். துளையின் ஓரத்தைச் சாவியால் சுரண்டிய பிறகுதான் அடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தன. மேலே முக்கால் அங்குலத் தட்டோடு, அதன் கீழ் அரை அங்குலச் சிமெண்ட் கலவை, அதன் கீழ் 4 அங்குலம் செங்கல் ஜல்லி, பிறகு 5 அங்குலம் காங்கிரீட், கடைசியாக உட்கூரைப் பூச்சு அரை அங்குலம். ஜல்லி விரலில் செந்நிறமாக ஒட்டுகிறது. மழை நின்று நான்கு நாளாகியும் ஈரமாகவே இருக்கிறது. பின்பக்கத்தைவிட முன்பக்கம் சரியாக 2 அங்குலம் உயரம். டைல்ஸ் பெட்டி ஒன்றை மஞ்சள் மூட்டை நிறுக்கும் தராசில் வைத்தேன். ஓர் அடி சதுர ஓடு பத்து இருந்த பெட்டி 21 கிலோ நின்றது.

சரவணன் அண்ணா, பகல் 1:20
இவ்வளவு தெளிவாக அளந்து தந்ததால் கணக்கை உறுதியாகப் போட முடிகிறது.

காங்கிரீட் தளம் மட்டமானது என்று கொண்டால், நடுவில் 4 அங்குலமுள்ள ஜல்லி முன்பக்கம் 5, பின்பக்கம் 3 அங்குலமாக இருக்கும். இப்போது வாட்டத்தைத் திருப்புகிறோம். முன்பக்கம் ஓர் அங்குலத்தில் தொடங்கும் கலவை, பின்பக்கம் போகப் போக முதலில் பழைய 2 அங்குலப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் 20 அடி நீளத்துக்குத் தண்ணீர் ஓட இன்னும் 3 அங்குலம் உயர வேண்டும். ஆக, பின்சுவர் ஓரம் 6 அங்குலம். சராசரி மூன்றரை அங்குலம் என்பதால் சதுர அடிக்கு 17½ கிலோ. டைல்ஸையும் பசையையும் சேர்த்து மாடி முழுவதும் 12,300 கிலோ. சித்தப்பா போட்ட 4,800 இரண்டரை மடங்காகிவிட்டது.

ஆனால் மாடியின் சராசரியைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் சராசரி எந்த அறையின் மேலும் உட்காருவதில்லை. பின்புற அறைகள் 10 அடி அகலம். அவற்றின் மேல் கலவை மூன்றரையில் தொடங்கி ஆறில் முடிகிறது. அந்த அறைகளுக்கு மட்டும் சராசரி 4¾ அங்குலம், அதாவது 24 கிலோ. டைல்ஸ் 3 கிலோவையும் சேர்த்தால் புதிதாக ஏறுவது சதுர அடிக்கு 27 கிலோ. அறை 10 அடிக்கு 15 அடி என்பதால் ஒவ்வொரு பின்னறையின் தலை மீதும் 4 டன் ஏறுகிறது. ஒழுகுவதும் அதே அறைகள்தான்.

செல்வராஜ் சித்தப்பா, பகல் 1:41
கனத்தில் நான் தவறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கணக்கில் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்துத்தானே கட்டுகிறார்கள்? அந்த மிச்சம் இதைத் தாங்காதா?

சரவணன் அண்ணா, பகல் 2:05
பின்னறைக்குப் பழைய கணக்கைப் பாருங்கள். காங்கிரீட் 30, உட்பூச்சு 2½, ஜல்லி மூன்றரை அங்குலத்துக்கு ஏறக்குறைய 16, தட்டோடும் அதன் கலவையும் 6, ஆள் நடமாட்டம் 14. மொத்தம் சதுர அடிக்கு 68 கிலோ சுமார். அதோடு 27 சேர்ந்தால் 95. ஐந்தில் இரண்டு பங்கு பாரம் ஒரே வேலையில் கூடுகிறது. நீங்கள் சொல்லும் ஒன்றரை மடங்கு 102இல் நிற்கிறது. அது கம்பி சற்று இடம் மாறியிருக்கலாம், எதிர்பாராத பாரம் வரலாம் என்பதற்காக வைத்த இடைவெளி. அதை நாமே நிரப்பிவிட்டால் அந்தக் குறைகளுக்கு இடமிருக்காது. தளம் உடனே விழும் என்று நான் சொல்லவில்லை. மெல்லத் தொய்ந்து, உட்கூரையின் நடுவில் நீளவாக்கில் விரிசல் விடும், தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும்.

ஜல்லி நனைந்திருப்பதையும் சேர்க்க வேண்டும். காய்ந்த ஜல்லிக்கு அங்குலத்துக்கு 4½ கிலோ போட்டிருக்கிறேன். தண்ணீர் குடித்தது 5 கிலோ வரை வரும். மேலே டைல்ஸ் பதித்து மூடிவிட்டால் அந்தத் தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் கம்பியைத்தான் தேடும்.

பழனியப்பன் பெரியப்பா, பகல் 2:30
அப்படியானால் உடைக்கத்தான் வேண்டும் என்கிறாயா, சரவணா?

சரவணன் அண்ணா, பகல் 2:52
எடையை மட்டும் பார்த்தால் அதுதான் நல்லது, பெரியப்பா. பின்னறை மேலிருந்து 22 கிலோ இறங்கும். வெறும் காங்கிரீட் மீது முன்பக்கம் 1, பின்பக்கம் 4 அங்குலமாகக் கலவை போட்டால் அங்கே 16 கிலோ, டைல்ஸோடு 19. இப்போது இருப்பதைவிட 3 கிலோ குறைகிறது. குளிர்ச்சி குறையும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை.

உடைக்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். உடைத்த ஜல்லியை அறை நடுவில் குவித்துவிட்டுப் பிறகு இறக்கலாம் என்று ஆட்கள் நினைப்பார்கள். இரண்டடி உயரக் குவியல் சதுர அடிக்குச் சுமார் 70 கிலோ அழுத்தும். அன்றன்றைக்கு உடைத்ததை அன்றே கீழே இறக்க வேண்டும்; காத்திருக்க வேண்டுமென்றால் சுவருக்கு நேர் மேலே பரப்பி வைக்கட்டும்.

மல்லிகா அத்தை, மாலை 4:10
இப்போதுதான் முழுவதும் படித்தேன். எங்கள் வீட்டிலும் தண்ணீர் பின்பக்கம்தான் இறங்குகிறது. நாங்கள் வாட்டத்தைத் திருப்பவில்லை. பின்பக்கக் குழாயைச் சுவரின் வெளிப்புறமாகவே சுற்றிக் கொண்டுவந்து முன்பக்கச் சம்ப்பில் விட்டுவிட்டோம். கவிதாவும் அப்படியே செய்தால் என்ன?

சரவணன் அண்ணா, மாலை 4:22
அத்தை, காலையிலிருந்து நான் யோசிக்காமல் விட்டது இது. வாட்டம் பின்பக்கமாகவே இருந்தால் கலவை எங்கும் ஓர் அங்குலம் போதும். சித்தப்பாவின் 8 கிலோ அப்போது சரியாகிவிடும். மணலும் அரை யூனிட்டோடு நிற்கும். 120 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்ற பழைய வாட்டம் சற்றுக் குறைவுதான், கையில் மட்டக்கட்டையோடு கவனமாகப் போட வேண்டும்.

ஆனால் ஜல்லி ஈரமாக இருப்பது இதனால் தீராது. பின்னறைக் கூரையில் பழுப்புக் கறையோ, பூச்சு பெயர்ந்து கம்பி தெரியும் இடமோ இருக்கிறதா, கவிதா? எத்தனை கிலோ ஏறுகிறது என்பதைத்தான் நாம் கூட்டினோம். தளம் எத்தனை கிலோ தாங்கும் என்பது உள்ளே என்ன கம்பி, எத்தனை அங்குல இடைவெளி, துரு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அது இந்தக் கூட்டலில் வராது.

கவிதா, மாலை 5:05
கிழக்குப் பின்னறையில் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குப் பழுப்புக் கறை இருக்கிறது. விரலால் தட்டினால் உள்ளே காலியாக இருப்பது போல் சத்தம் வருகிறது. மேற்கு அறையில் அப்படி இல்லை. கட்டிய காலத்து வரைபடம் யாரிடமும் இருக்கிறதா?

பழனியப்பன் பெரியப்பா, மாலை 5:20
வரைபடம் எல்லாம் அப்போது போடவில்லை, அம்மிணி. சென்ட்ரிங் அடித்தவர் சொன்னபடி கம்பி கட்டினோம்.

சரவணன் அண்ணா, மாலை 5:31
அப்படியானால் மணலை இறக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் இப்போதே சொல்லிவிடு. ஞாயிறு காலை நான் கோயம்புத்தூரிலிருந்து வருகிறேன். அந்தக் கறை உள்ள இடத்தில் பூச்சைப் பெயர்த்துக் கம்பியைப் பார்த்த பிறகு, கிழக்கு அறைக்கு மேல் மட்டும் உடைப்பதா, முழுவதும் உடைப்பதா என்று பெரியப்பாவோடு உட்கார்ந்து பேசலாம்.

பழனியப்பன் பெரியப்பா, மாலை 5:44
வா. கம்பியைப் பார்த்த பிறகு பேசுவோம். மேற்கு அறைக்கு மேல் இருக்கும் சுருக்கியை மட்டும் தொட விடமாட்டேன்.

கவிதா, மாலை 5:50
மேஸ்திரிக்குப் போன் செய்துவிட்டேன். மணல் லாரியை நிறுத்திவிட்டார்.