26ஏஎஸ்-இல் இருந்த பில், அவர்கள் கணக்கில் மட்டும் "வரவே இல்லை"

லேபிள்காரி

2024இல் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு தின்பண்டக் கம்பெனிக்கு முறுக்கு, மிக்சர், தட்டை என்று 12 பாக்கெட் டிசைன். 84,000 பேசி, 24,000 அட்வான்ஸ் வந்தது. மீதி 60,000க்கு மே 10 அன்று பில் போட்டேன். 30 நாள் தவணை என்று கொட்டேஷனிலேயே எழுதியிருந்தேன், மெயிலில் சரி என்றும் சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதம் எங்கள் தெருக்கடையில் அந்த பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது, பணத்தை மட்டும் காணோம்.

செப்டம்பர் முடிவதற்குள் நான்கு முறை நினைவூட்டினேன். நான்குமே "தொந்தரவுக்கு மன்னிக்கவும் சார்" என்றுதான் ஆரம்பிக்கும். நான்காவதுக்கு அக்கவுண்ட்ஸிலிருந்து ஒரு வரி பதில்: "இப்படி ஒரு பில் எங்களுக்கு வரவே இல்லை, புதுத் தேதி போட்டு அனுப்புங்கள்." நானும் உட்கார்ந்து தேதியை மாற்றிக்கொண்டிருந்தேன்!

அன்று ராத்திரி வேறு ஏதோ பார்க்க வருமான வரித் தளத்தில், யார் யார் நம் பணத்தில் வரி பிடித்துக் கட்டினார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், அதில் அந்தக் கம்பெனி பெயர். தேதி 31 மே, தொகை 60,000, பிடித்த வரி 6,000. வராத பில்லுக்கு எப்படி டிடிஎஸ் பிடித்துக் கட்டினார்கள்? கை நடுங்கியது. கோபமா, பிடி கிடைத்த சந்தோஷமா, எதுவென்று இன்றைக்கும் தெரியவில்லை.

தேதி மாற்றிய பில்லை அழித்துவிட்டு இதை அனுப்பினேன், அக்கவுண்ட்ஸுக்கும் முதலாளிக்கும் சேர்த்து:

"வணக்கம். 10.05.2024 தேதியிட்ட பில், தொகை 60,000. இதற்கு நீங்கள் 6,000 டிடிஎஸ் பிடித்துக் கட்டியது என் 26ஏஎஸ்-இல் 31.05.2024 தேதியில் பதிவாகியுள்ளது, நகல் இணைத்துள்ளேன். எனக்கு வரவேண்டியது 54,000. தவணை ஜூன் 9 அன்று முடிந்துவிட்டது. அக்டோபர் 7க்குள் செலுத்தவும். இல்லையென்றால் என் உத்யம் சிறுதொழில் பதிவை வைத்து, பாக்கிப் புகாருக்கான அரசின் சமாதான் தளத்தில் வட்டியோடு மனு போடுவேன்."

ஒன்பதாவது நாள் 54,000 வந்தது, வட்டி இல்லாமல். அதற்கு முந்தின நாள் முதலாளி போன் செய்து, "ஒரு வார்த்தை போன்ல கேட்டிருக்கலாமேம்மா, இதுக்குப் போய் சட்டம் பேசுறியே" என்றார். ஐந்து முறை போனில் கேட்டிருக்கிறேன். அதைத் திருப்பிச் சொல்லாமல் "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.

பிக்சல் பாண்டி

இவ்வளவு சுற்றவே வேண்டாம். 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தரவில்லை என்றால் உங்கள் பில்லில் உள்ள ஜிஎஸ்டியைக் காட்டி அவர்கள் கழித்துக்கொண்ட இன்புட்டைத் திருப்பிக் கட்டவேண்டும். அதை ஒரு வரி எழுதினால் அலறியடித்துக்கொண்டு வருவார்கள். நான் அப்படித்தான் ஒரு ஜவுளிக்கடையிடம் வாங்கினேன். அப்புறம் 45 நாள் தாண்டிவிட்டாலே அந்தச் செலவை வருமான வரியில் காட்ட முடியாது, அதையும் சேர்த்துப் போடுங்கள்.

திருப்பூர் கணக்கர்

பாண்டி, லேபிள்காரி ஜிஎஸ்டி போட்டதாகச் சொல்லவே இல்லையே. சேவைத் தொழிலில் 20 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்கள் பெரும்பாலும் பதிவே செய்திருக்க மாட்டார்கள். பில்லில் ஜிஎஸ்டி இல்லையென்றால் திருப்பிக் கட்ட அங்கே இன்புட்டே கிடையாது. உங்களுக்கு வேலை செய்தது நீங்கள் ஜிஎஸ்டி போட்டதால். இரண்டாவது பாதி சரி. சிறுதொழில் பாக்கிக்கான அந்த விதி, வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு, 2023-24 நிதியாண்டிலிருந்து வந்தது. ஆனால் 45 நாள் தாண்டியதுமே செலவு போய்விடாது. கெடு தாண்டி, மார்ச் 31 வரையும் கொடுக்காமல் விட்டால்தான் அந்த வருடம் கழிக்க முடியாது, கொடுக்கும் வருடத்தில் கழித்துக்கொள்ளலாம். அதனால் இந்த வரிக்கு பிப்ரவரி, மார்ச்சில்தான் பலம், அக்டோபரில் யாரும் பயப்பட மாட்டார்கள்.

நான் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவன், அதனால் சொல்கிறேன். டிடிஎஸ் என்பது பணம் கொடுக்கும்போது அல்லது பில்லைக் கணக்கில் ஏற்றும்போது, எது முதலில் வருகிறதோ அப்போது பிடிப்பது. பணம் போகவில்லை, ஆனால் மே 31இல் வரி பிடித்திருக்கிறது என்றால் பில்லை ஏற்றிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான டிடிஎஸ் கணக்கை ஜூலை 31க்குள் தாக்கல் செய்வார்கள், ஆகஸ்டில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவது நினைவூட்டலிலேயே இதைப் போட்டிருக்கலாம்.

"புதுத் தேதி போடுங்கள்" என்பது கணக்குத் துறையில் பழைய பழக்கம், பாக்கிப் பட்டியலில் பில்லை இளசாகக் காட்ட. சிறுதொழில் சட்டம் நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்து இல்லை, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஆனாலும் நீங்களே தேதியை மாற்றிக் கொடுத்தால் நாளைக்கு உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். அழித்தது நல்ல காரியம்.

வட்டியை ஏன் விட்டீர்கள்? அந்தச் சட்டப்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அப்போது விகிதம் 6.75, அப்படியானால் வருடத்துக்கு 20.25 சதவீதம். 54,000க்கு மாதம் 900 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும்.

லேபிள்காரி

வட்டி கேட்டால் அசலும் நின்றுவிடுமோ என்ற பயம்தான்.

நிழல்வண்ணன்

எனக்கும் இதே கதை, சிங்கப்பூர் கிளையண்ட், ஏழு மாதம். நீங்கள் சொன்னதைப் படித்து உடனே 26ஏஎஸ் போய்த் தேடினேன், அவர்கள் பெயரே இல்லை. அப்படியென்றால் என் பில்லை ஏற்றவே இல்லை என்று ஆகிறதா?

திருப்பூர் கணக்கர்

இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி இங்கே டிடிஎஸ் பிடிக்காது, அதனால் அதில் வராது. நீங்கள் வேறு வழி பார்க்கவேண்டும்.

மூத்த தூரிகை

இருபது வருடமாக இந்தத் தொழில். எனக்கு ஒரே ஒருவர் ஏமாற்றியிருக்கிறார், மண்டபக்காரர், 8,000, போகட்டும் என்று விட்டேன். தங்கச்சி செய்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. சட்டத்தை எழுதினால் அந்த வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார், அவர் சொல்லி வருகிற நாலு பேரும் வரமாட்டார்கள். முதலிலேயே பாதி வாங்கவேண்டும், 84,000க்கு 24,000 எந்த ஊர் அட்வான்ஸ்? மாதிரி காட்டும்போது தரம் குறைந்த படம், குறுக்கே நம் பெயர். அச்சகத்துக்குப் போகிற திறந்த ஃபைலை மீதிப் பணம் வந்த பிறகே கொடுக்கவேண்டும். பன்னிரண்டு பாக்கெட் என்றால் நாலு நாலாகப் பிரித்து, முதல் நாலுக்குப் பணம் வந்தபின் அடுத்த நாலைத் தொடவேண்டும். நினைவூட்டலும் நம்மோடு பேசின மார்க்கெட்டிங் பையனுக்கே போய்க்கொண்டிருக்கும், அவன் வேலையை விட்டே போயிருப்பான். பில் யார் மேஜையில் நிற்கிறது என்று வேலை ஆரம்பிக்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பிக்சல் பாண்டி

அண்ணா, அச்சுக்கு அவசரம் என்று ராத்திரி பதினொரு மணிக்கு அச்சகக்காரரே போன் செய்து ஃபைல் கேட்பார், அப்போது என்ன செய்வீர்கள்? நான்கு மாதம் பதில் சொல்லாதவர் மறுபடி வந்தால்தான் என்ன, வராவிட்டால்தான் என்ன?

லேபிள்காரி

அச்சகம் கேட்டுத்தான் கொடுத்தேன். அவர்கள் மறுபடி வந்தார்கள், தூரிகை அண்ணா. பிப்ரவரியில் தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் வேலைக்குக் கேட்டார்கள், அறுபது சதவீதம் முன்பணம் என்றேன், பதில் இல்லை.

மலர்

ஒரு சந்தேகம். என் பில் மார்ச், உத்யம் பதிவு செய்தது ஜூன். சமாதானில் போட முடியுமா?

திருப்பூர் கணக்கர்

2021இல் உச்ச நீதிமன்றம், பிறகு செய்த பதிவு அதற்கு முந்தைய வேலைக்குப் பொருந்தாது என்றது. 2025இல் இன்னொரு அமர்வு அதில் சந்தேகம் எழுப்பி, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதனால் சமாதானை மட்டும் நம்பி உட்காராதீர்கள். சாதாரண சிவில் வழக்குக்குத் தவணை முடிந்ததிலிருந்து மூன்று வருடம் இருக்கிறது. உங்கள் 26ஏஎஸ் பார்த்தீர்களா?

மலர்

இப்போதுதான் பார்த்தேன். இருக்கிறது. மார்ச் 31 தேதியில்.