மூன்றாவது நிமிடத்தில் என்ன நடந்தது?

கோப்பாய்ச் சமையலறை
என் யூரியூப் தளத்தில் ஒடியல் கூழ் பற்றிய பத்து நிமிடக் காணொளி ஒன்றை ஏற்றியிருந்தேன். சராசரிப் பார்வை நேரம் 3:00 என்று காட்டியது. மூன்றாவது நிமிடத்தில் இருந்தது, ஊறவைத்த ஒடியல் மாவின் மேல் தெளிந்து நின்ற நீரை கைப்புப் போக அம்மா சட்டியைச் சரித்து மெதுவாக வடித்து ஊற்றும் காட்சி. அங்கேதான் எல்லோரும் சலித்துப் போகிறார்கள் என்று முடிவுசெய்து, அந்த ஐம்பது விநாடிகளையும் வெட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அம்மா கைபேசியில் அதைப் பார்த்துவிட்டு, "என்ர கையை ஏன் பிள்ளை எடுத்துப்போட்டாய்?" என்று கேட்டார். அதே வாரத்தில் இருவர், கூழ் கைக்கிறதே என்று பின்னூட்டம் இட்டிருந்தார்கள். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சுன்னாகம் பௌதிக ஆசிரியர்
சகோதரி, சராசரி என்பது ஆட்கள் வெளியேறிய இடம் அன்று. நூறு பேர் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். அறுபது பேர் இருபதாவது விநாடியில் போய்விட, மிச்சம் நாற்பது பேர் ஏழு நிமிடம் பார்த்தால், மொத்தம் 1,200 விநாடிகளும் 16,800 விநாடிகளும் சேர்ந்து 18,000 ஆகும். அதை நூறால் வகுத்தால் 180, அதாவது உங்கள் 3:00. ஆனால் மூன்றாவது நிமிடத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. வெளியேறிய இடத்தைச் சொல்வது தக்கவைப்பு வரைபு மட்டுமே. அதில் முப்பதாவது விநாடியில் எத்தனை வீதம் பேர் எஞ்சினார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன். உயர்தர மாணவருக்கான பாடம் ஒன்றில் வரைபு ஓரிடத்தில் கூராக மேலெழுந்தது. என் விளக்கம் பிடித்துத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். பிறகு அந்த விநாடியை ஓடவிட்டுப் பார்த்தபோது, கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டை என் தோள் மறைத்திருந்தது. பிள்ளைகள் அதை வாசிக்க முடியாமல் பின்னோக்கி இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

வடமராட்சி வலம்
ஆசிரியர் ஐயா கணக்கோடு நின்றுவிட்டார். காணொளி நீளம் என்பதே நோய். என்னுடைய மூன்று நிமிடக் காணொளிகளில் 60 வீதம் வரை பார்க்கிறார்கள், பன்னிரண்டு நிமிடமானால் 30 வீதம்தான். ஆகவே, அக்கா, எல்லாவற்றையும் மூன்று நிமிடத்துக்குள் அடக்குங்கள். வணக்கம் சொல்வதை விடுங்கள், இசையை விடுங்கள், முடிந்த கூழை முதல் ஐந்து விநாடிக்குள் காட்டுங்கள், காட்சியை நாலு விநாடிக்கு ஒருமுறை மாற்றுங்கள், எழுத்துகளைப் பெரிதாகப் போடுங்கள், கடைசியில் நன்றி சொல்லத் தொடங்கினாலே ஆட்கள் போய்விடுவார்கள் என்பதால் அதையும் விடுங்கள்.

சுன்னாகம் பௌதிக ஆசிரியர்
தம்பி, மூன்று நிமிடத்தில் 60 வீதம் என்றால் 1:48; பன்னிரண்டு நிமிடத்தில் 30 வீதம் என்றால் 3:36. உங்களுடைய நீளமான காணொளியுடன்தான் ஆட்கள் இரட்டிப்பு நேரம் இருந்திருக்கிறார்கள். நீளம் ஒத்த காணொளிகளை மட்டுமே வீதத்தால் ஒப்பிடலாம். நன்றி சொல்லும் இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை.

நல்லூர் மாலை
எனக்குப் பார்வைகளே ஐம்பதைத் தாண்டுவதில்லை. என் வரைபு பல்லுப் பல்லாக ஏறி இறங்குகிறது. எந்தப் பல்லைத் திருத்துவது?

சுன்னாகம் பௌதிக ஆசிரியர்
எதையும் வேண்டாம். ஐம்பது பேரில் ஒருவர் போனாலே கோடு இரண்டு வீதம் இறங்கும். இன்னும் ஆட்கள் சேரட்டும்.

கோப்பாய்ச் சமையலறை
வெட்டுவதற்கு முன் வரைபைப் படமாக எடுத்து வைத்திருந்ததால் இன்று மீண்டும் பார்த்தேன். முப்பதாவது விநாடியில் 41 வீதம். அந்த முப்பது விநாடியும் வானிலிருந்து எடுத்த பனங்காட்டுக் காட்சியும் என் அறிமுகமும்தான். அதன் பின் கோடு மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. அம்மா நீர் வடிக்கும் இடத்தில் சிறு பள்ளம் இருக்கிறது, ஆனால் ஐம்பது விநாடி கழித்து, நண்டும் பயிற்றங்காயும் போடும் இடத்தில், கோடு மறுபடி மேலே வருகிறது. போனவர்கள் திரும்பி வந்தார்களா, ஐயா?

சுன்னாகம் பௌதிக ஆசிரியர்
போகவே இல்லை. அவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து முன்னால் இறங்கியவர்கள். வெளியேற்றம் என்றால் இறங்கிய கோடு இறங்கியபடியே இருக்கும்.

இணுவில் அக்கா
குதித்தவர்கள் கூழ் காய்ச்சத் தெரிந்தவர்களாக இருக்கலாம், தெரியாதவர்களுக்கு அந்த ஐம்பது விநாடிதானே தேவை? புதிய பார்வையாளர், மீண்டும் வருபவர் என்று பிரித்துப் பாருங்கள் பிள்ளை. எனக்கு ஒரு சந்தேகம்: ஆரம்பத்தில் போன 59 வீதமும் பனங்காட்டுக் காட்சியால்தான் போனார்களா, அல்லது முகப்புப் படத்தில் நண்டைப் பார்த்து வேறு ஏதோ எதிர்பார்த்து வந்தவர்களா?

கோப்பாய்ச் சமையலறை
முகப்புப் படத்தில் நண்டுதான் இருக்கிறது, அக்கா. அதை இப்போதைக்கு மாற்றவில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமற் போய்விடும். அடுத்த கூழ்க் காணொளியை அம்மாவின் கை சட்டியைச் சரிப்பதிலிருந்தே தொடங்கப் போகிறேன்.