சத்தமில்லாமல் ஓடும் விளம்பரம்: உங்கள் அனுபவம் என்ன?

நிலாவெளி எடிட்டர்
புறாத்தீவுக்குப் படகு விடும் அண்ணை ஒருவர் தன் ரீல்ஸ் விளம்பரத்தைக் கொண்டு வந்தார். "எடுக்கிற ஆக்கள் எல்லாரும் முற்பணம் எவ்வளவு என்றுதான் கேக்கினம்" என்றார். அவர் முற்பணமே வாங்குவதில்லை.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், விஷயம் பிடிபட்டது. தொடக்கத்தில் அவர் கரையில் நின்று வணக்கம் சொல்லிக் கதைக்கிறார். பார்ப்பவருக்கு வாயசைவு மட்டும்தான். பிறகு 'முற்பணம் கட்டத் தேவை' என்று ஒரு வரி வந்து நிற்கிறது. 'இல்லை, கரையில் தந்தால் போதும்' என்பது அடுத்த வரியில். தமிழில் இல்லை என்பது கடைசியில்தானே வரும்? இடையில் தள்ளிவிட்டுப் போகிறவர் நேர்மாறாக விளங்கிக்கொண்டு போய்விடுவார்.

'முற்பணம் வேண்டாம்' என்று ஒரே வரியாக்கினேன். வணக்கத்தை வெட்டிவிட்டு, முதல் காட்சியாகப் பவளப்பாறை மீன்களை வைத்து, மேலே 'புறாத்தீவு படகு' என்றும் ஆளுக்கு எத்தனை ரூபா என்றும் போட்டேன். ஒவ்வொரு வரியையும் நிதானமாக வாய்விட்டு வாசிப்பேன்; முடிக்குமுன் வரி மறைந்தால் நேரத்தைக் கூட்டமாட்டேன், சொல்லைக் குறைப்பேன்.

கடைக்காரத் தம்பி
இவ்வளவு பாடு எதற்கு அண்ணா? வரிகளைத் தனியாக எழுதி வைக்கும் SRT கோப்பை வீடியோவோடு ஏற்றினால் எழுத்து தானாக வரும். பிழை இருந்தாலும் வீடியோவைத் தொடாமல் திருத்தலாம்.

நிலாவெளி எடிட்டர்
திருத்தும் வசதி உண்மைதான். ஆனால் அந்த எழுத்து தெரிவதும் தெரியாததும் பார்ப்பவருடைய போன் அமைப்பைப் பொறுத்தது. விலையையும் தொலைபேசி எண்ணையும் அதை நம்பி விடமாட்டேன், வீடியோவிலேயே பதித்துவிடுவேன். பதிக்கும்போது அடியில் வைக்காதீர்கள். கணக்குப் பெயரும் பொத்தானும் அங்கேதான் வந்து மூடும். ரீல்ஸ் விளம்பரத்துக்கு மெட்டாவே கீழே 35 சதவீதத்தை விடச் சொல்கிறது. 1920 பிக்சல் உயரத்தில் அது ஏறக்குறைய 670.

சாரிக்கடை அக்கா
எனக்கு வேற பிரச்சினை. கணினியில் தட்டச்சு செய்த விலைப்பட்டியலைப் போன் செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது. சத்தத்தை நிறுத்தினதால் இப்படி ஆகுமா?

நிலாவெளி எடிட்டர்
சத்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை அக்கா. நீங்கள் பாமினியில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது ஆங்கிலமாகத்தான் தெரியும். யூனிகோடில் திரும்ப அடியுங்கள். அதற்குப் பிறகும் 'கொ' உடைந்து கொம்பு தனியாக நின்றால், அந்தச் செயலி தமிழ் எழுத்தைக் கோர்க்கத் தெரியாதது. கணினியில் வீடியோ வெட்டும் பிரீமியர் மென்பொருளில் என்றால் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவுக்கு மாற்ற வேண்டும்.

உப்புவெளி விடுதி
எங்களுக்குத் தமிழர், சிங்களவர், வெளிநாட்டார் எல்லாரும் வருகினம். மூன்று மொழியையும் ஒரே திரையில் போட்டோம், படம் தெரியவில்லை. தனித்தனி விளம்பரம் விட்டால் காசு மூன்றாகப் பிரிகிறது.

கடைக்காரத் தம்பி
விலையை இலக்கத்தில் போட்டால் எல்லாருக்கும் விளங்கும்தானே?

உப்புவெளி விடுதி
விலை விளங்கும் தம்பி. காலைச் சாப்பாடு அதற்குள் அடக்கம் என்பதை எப்படிக் காட்டுவது?